டவர் கார்டு விழுந்தால் வேலை போகும் என்று யார் சொன்னது?

வேறு ரீடரிடம் டாரோ கார்டில் பலன் பார்த்துவிட்டுப் பயந்துபோய் என்னிடம் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக வந்த பெண்ணிடம், "எதிர்காலத்தில் டவர் விழுந்திருக்கிறது, வேலை போவது உறுதி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று கார்டுகளையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்: ஒன்பது வாள், எட்டு வாள், டவர்.

"கார்டிலேயே வந்துவிட்டதே" என்கிறார்கள். 78 கார்டுகளைக் கலைத்து எடுத்த மூன்று அவை. மறுபடி கலைத்தால் வேறு மூன்று வரும். இரண்டு கலைப்புக்கு நடுவில் ஒருவருடைய வேலை போய்த் திரும்பி வருமா? 'எதிர்காலம்' என்று எந்தக் கார்டிலும் அச்சடித்திருக்கவில்லை. மூன்றாவது இடத்துக்கு ரீடர் வைக்கும் பெயர்தான் அது. பயந்து வருகிறவருக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள். 'இப்படியே விட்டால் எது ஆட்டம் காணும்' என்று வையுங்கள். அதையும் கலைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கார்டைப் பார்த்த பிறகு பெயரை மாற்றினால் சமாதானம் சொல்வதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

அந்தப் பெண்ணுக்கு அதே மூன்றையும் மறுபடி எடுத்து வைத்தேன். ரைடர்-வெயிட் டாரோ சீட்டுக்கட்டில் ஒன்பது வாளும் சுவரில்தான் இருக்கின்றன. படுக்கையில் முகத்தைப் பொத்தி உட்கார்ந்திருப்பவள் மேல் ஒன்றும் படவில்லை. எட்டு வாளில் கண்ணும் கையும் கட்டியிருக்கிறது, கால்கள் கட்டப்படவில்லை. டவரை மட்டும் பூசி மெழுகவில்லை. இடி விழுகிறது, கிரீடம் தெறிக்கிறது, இரண்டு பேர் விழுகிறார்கள். "நல்ல மாற்றம்தான்" என்று சொல்லியிருந்தால் அப்புறம் நான் சொல்லும் எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

"உங்கள் வேலையில் எது ஒற்றைக் காலில் நிற்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: தன் வேலை முழுக்க ஒரே ப்ராஜெக்டை நம்பி இருக்கிறதாம், அது நீட்டிக்கப்படுமா என்று மேலாளரிடம் கேட்கப் பயமாம். சரி, இப்போது எச்சரிக்கை கைக்குப் பிடிபடுகிறது. மேலாளரிடம் நேராகக் கேட்கலாம், இன்னொரு ப்ராஜெக்டில் இடம் தேடலாம், பேசாமல் காத்திருக்கலாம். மூன்றாவதும் ஒரு முடிவுதான் என்று சொல்லிவிடுங்கள், ஆனால் எதைச் செய்வது என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர் முதலாவதை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு "இன்னும் ஒரு கார்டு" என்று கெஞ்சினால் எடுக்காதீர்கள். நல்ல கார்டு வரும்வரை அது நிற்காது. நோய், மரணம், வழக்கு பற்றிக் கேட்டால் மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ அனுப்புங்கள். பயத்தைக் கிளப்பிவிட்டு அதற்குப் பரிகாரம் விற்கிறவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பாருங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று: ரீடர் "நடந்தே தீரும்" என்றால், "நான் என்ன செய்தால் இது மாறும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.