சித்திரைக்குள் சவரன் 3 லட்சமா? ஒரு காணொளியைக் கணக்குப் போட்டுப் பார்த்த கதை

2025 அக்டோபர் இரண்டாம் வாரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைபேசியை நீட்டியபடியே என் அலுவலகத்துக்குள் வந்தார். மகளின் திருமணத்துக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. "சார், சித்திரைக்குள்ள சவரன் 3 லட்சம் ஆயிடும்னு சொல்றாங்க. தனிநபர் கடன் வாங்கியாவது இப்பவே 10 சவரன் எடுத்துடலாமா?" என்று கேட்டார். முதலீட்டு ஆலோசகனாக இருப்பதால் இப்படிப்பட்ட காணொளிகள் எனக்கு வாரம் நான்கைந்து வருகின்றன. அவற்றை நம்புவதா வேண்டாமா என்று வாதாடுவதைவிட, எதிரில் உட்கார்ந்திருப்பவரையே ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அந்தக் காணொளியின் முதல் நிமிடத்திலேயே ஒரு பிழை இருந்தது. "இன்றைய விலை 1,23,000" என்று அது தொடங்கியது. ஆனால் அந்த வாரத்தில்தான் சென்னையில் ஆபரணத் தங்கம் சவரனுக்கு 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டு எண்களும் சரியானவையே. மும்பையிலும் வடநாட்டிலும் 24 காரட் தங்கத்தின் விலையை 10 கிராமுக்குச் சொல்வார்கள். நாம் 22 காரட் தங்கத்தை 8 கிராம் சவரனாகச் சொல்கிறோம். எடையும் தரமும் இரண்டுமே மாறுவதால் முதல் எண் இரண்டாவதைவிட எப்போதும் 36 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். காணொளிக்காரர் மும்பை எண்ணை எடுத்துச் சவரன் என்று பெயரிட்டுவிட்டார். விலை ஏறாமலேயே ஏறியதுபோல் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து, சவரன் விலை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தோம். உலகச் சந்தை ஒரு ட்ராய் அவுன்சுக்கு டாலரில் விலை சொல்கிறது. அந்த அவுன்ஸ் 31.1035 கிராம். அக்டோபர் 8 அன்று தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. ஒரு டாலர் ஏறக்குறைய 88.8 ரூபாயாக இருந்தது. 4,000 டாலரை 31.1035 ஆல் வகுத்து ரூபாயாக மாற்றினால் ஒரு கிராம் சுத்தத் தங்கம் சுமார் 11,420 ரூபாய். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இறக்குமதி வரியைச் சேர்த்தால் 12,105 ரூபாய். அதை 22 காரட்டின் தூய்மை அளவான 0.916 ஆல் பெருக்கினால் 22 காரட் கிராம் விலை 11,088 ரூபாயும், எட்டு கிராமுக்கு ஏறக்குறைய 88,700 ரூபாயும் வருகின்றன. அன்று உலக விலை 4,000க்குச் சற்று மேலேயே இருந்ததையும், உள்ளூர் வணிகர்களின் சிறு வேறுபாட்டையும் கணக்கில் கொண்டால், கடைப் பலகையில் இருந்த விலை இதுதான்.

இந்தக் கணக்கில் உள்ள அசையும் பகுதிகள் மூன்றே: டாலர் விலை, ரூபாயின் மாற்று மதிப்பு, வரி. அன்றைய நிலவரப்படி உலக விலை 100 டாலர் ஏறினால் சவரன் சுமார் 2,200 ரூபாய் ஏறும். டாலருக்கு எதிராக ரூபாய் ஒரு ரூபாய் சரிந்தால் சவரன் சுமார் 1,000 ரூபாய் ஏறும். 2024 ஜூலை 23 அன்று வரி குறைந்ததும் சென்னையில் ஒரே நாளில் சவரன் 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது ஆசிரியருக்கும் நினைவிருந்தது.

இப்போது கணக்கைத் தலைகீழாகத் திருப்பினோம். சவரன் 3 லட்சம் ஆக வேண்டுமென்றால் மற்றவை மாறாத நிலையில் உலக விலை ஏறக்குறைய 13,500 டாலராக வேண்டும்; தங்கம் அசையாமல் ரூபாய் மட்டுமே இந்த வேலையைச் செய்வதென்றால் ஒரு டாலர் 300 ரூபாயாக வேண்டும். ஆறு மாதத்தில் மூன்றேகால் மடங்குக்கும் மேல். நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை; இதற்கு அருகில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1979 ஜூலை இறுதியில் 300 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்த தங்கம், ஈரான் புரட்சியும் கடும் பணவீக்கமும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் சேர்ந்த சூழலில், 1980 ஜனவரி 21 அன்று 850 டாலரைத் தொட்டது. அண்மைக்கால வரலாற்றின் மிக வேகமான அந்த ஏற்றமே மூன்று மடங்கை எட்டவில்லை. இரண்டே மாதத்தில் விலை 500 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் வாங்கியவர் அந்த 850 டாலரை மீண்டும் பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. முன்பேரச் சந்தையில் ஆறு மாதம் கழித்துக் கைமாறவேண்டிய தங்கத்துக்கும் இன்றே விலை பேசப்படுகிறது. எம்சிஎக்ஸ் என்ற இந்திய முன்பேரச் சந்தையின் இணையதளத்தில் பிந்தைய மாத ஒப்பந்தங்களைத் திறந்து பார்த்தால், அவை பொதுவாக அண்மை மாத விலையைவிட வட்டிச் செலவு அளவுக்கே, அதாவது சில சதவீதமே கூடுதலாக இருக்கும். அது ஆரூடம் அல்ல. ஆனாலும் 3 லட்சம் உறுதி என்று உண்மையாகவே நம்பும் பணக்காரர் ஒருவர் இருந்தால், முதலில் அங்கேதான் வாங்கிக் குவித்திருப்பார்; அந்த விலை அப்படிக் கிடந்திருக்காது.

காணொளியில் "பெரிய வங்கியே சொல்லிவிட்டது" என்றும் ஒரு வரி இருந்தது. அந்த மாதம் கோல்ட்மேன் சாக்ஸ் 2026 டிசம்பருக்கான தன் கணிப்பை 4,900 டாலராக உயர்த்தியிருந்தது உண்மை. நம் கணக்கில் போட்டால் அது சவரனுக்கு ஏறக்குறைய 1,08,700 ரூபாய். வங்கியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டார்கள்.

கடனுக்கு நகை வாங்குவதன் கணக்கு மிச்சமிருந்தது. சவரன் 90,000 வீதம் 10 சவரன் 9 லட்சம். செய்கூலியும் சேதாரமும் 12 சதவீதம் என்று வைத்தால் 10,08,000. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்ந்து 10,38,240 ரூபாய். திருப்பி விற்கும்போது தங்கத்தின் விலை மட்டுமே கிடைக்கும் என்பதால், கடன் வட்டியைச் சேர்க்காமலேயே, சவரன் 1,03,800 ரூபாயைத் தாண்டினால்தான் போட்ட முதல் வரும். அவர் கடன் வாங்கவில்லை. சேமிப்பிலிருந்து இரண்டு சவரன் மட்டும் எடுத்தார்.

2026 ஜனவரியில் தங்கம் 5,000 டாலரையும் கடந்தது. வங்கியின் கணிப்பே குறைவாகப் போய்விட்டது. என் தாளும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆசிரியர் சற்று வருத்தத்தோடு தொலைபேசியில் அழைத்தார். "பத்தும் வாங்கியிருந்தா இன்னிக்கு லாபம்தானே சார்?" ஆம் என்றுதான் சொன்னேன், விற்றிருந்தால். அந்த உச்சத்திலும் சவரன் காணொளி சொன்னதில் பாதியைத் தொடவில்லை. ஜனவரி 30 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் சுமார் 9 சதவீதம் சரிந்தது. 3 லட்சத்தை நம்பிக் கடன் வாங்கியவர் அதற்கு முந்தைய நாள் எதற்காக விற்றிருக்கப் போகிறார் என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.