பாக்கிச் சம்பளத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

சம்பளம் தராத முதலாளி மேல் புகார் என்றால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் முதலில் போவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவரும் "பத்து நாளில் தர்றேன்" என்பார். பத்து நாள் மூன்று மாதமாகும். அப்புறம் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் எந்தக் கோர்ட், என்ன காகிதம் என்று யாரும் சொல்வதில்லை.

2024 ஆகஸ்டில் என்னிடம் வந்தவரும் அப்படி வந்தவர்தான். வேலூர் பக்கத்தில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மாதச் சம்பளம் 27,000 ரூபாய். 2023 ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதச் சம்பளம் நின்றுபோனது. நடுவில் ஜி-பே மூலம் 20,000 மட்டும் வந்தது. ஆக பாக்கி 1,15,000. அப்பாயின்மெண்ட் ஆர்டர் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. "என்கிட்ட ஒண்ணுமே இல்லை சார்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

நான் முதலில் கேட்டது அவர் சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். காரணம் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் 22-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் அரசு அதற்கென நியமித்த அதிகாரியிடம் மனு போட்டு வாங்கக்கூடிய சம்பளத்துக்கு, சிவில் கோர்ட்டில் வழக்கே போடக்கூடாது என்றது அது. 2017-இலிருந்து அந்தச் சட்டத்தின் சம்பள வரம்பு மாதம் 24,000 ரூபாயாக இருந்தது. அதற்குள் வாங்குபவர் முன்சிப் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு பிரிவைக் காட்டினால் போதும், கதை முடிந்தது. 14,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவர் இப்படி வழக்கு நடத்தி இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிகாரியிடம் மனு போட அவருக்கு இருந்தது 12 மாதம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டியதாயிற்று. நம் சூப்பர்வைசருக்கு 27,000 என்பதால் சிவில் கதவு திறந்திருந்தது.

2025 நவம்பர் 21-இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. அந்த 24,000 வரம்பு போய்விட்டது. மேற்பார்வை வேலை பார்ப்பவரும் இப்போது அதிகாரியிடம் போகலாம். மூன்று வருடம் வரை நேரம் உண்டு. பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். சம்பளம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஆனால் சிவில் வழக்குக்கான தடை இதிலும் இருக்கிறது. ஆகவே இனி வரும் பாக்கிக்கு முதல் வழி அந்த அதிகாரிதான். வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்தவர் போன்று தொகுப்புக்குள் அடங்காதவர்களுக்கும், பழைய வரம்புக்கு மேல் இருந்தவர்களின் பழைய பாக்கிக்கும்தான் சிவில் வழக்கு.

சரி, சூப்பர்வைசரிடம் ஒன்றுமே இல்லையா? வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்து வரச் சொன்னேன். 2021-லிருந்து மாதாமாதம் முதலாளியின் கணக்கிலிருந்து 27,000-க்குப் பக்கத்தில் ஒரு தொகை வந்திருந்தது. வேலையும் சம்பளமும் அதிலேயே தெரிந்தது. அடுத்து வாட்ஸ்அப். "தீபாவளிக்கு முன்னாடி உன் அஞ்சு மாசத்தையும் செட்டில் பண்ணிடறேன்" என்று முதலாளியே அனுப்பியிருந்தார். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா!

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் மட்டும் கோர்ட் ஏற்காது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்றில் போன் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் நிபுணர் ஒருவர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். மெசேஜ் வந்த அசல் போனே கையில் இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் திரை விரிசல் விட்ட பழைய போன் இருந்தது, எக்ஸ்சேஞ்சில் கொடுக்க இருந்தாராம். பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

கெடு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சிவில் வழக்குக்கு மூன்று வருடம் என்பது மொத்தத் தொகைக்கு அல்ல, ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். ஜூன் சம்பளம் முதலில் காலாவதியாகும், அடுத்த மாதம் ஜூலை. "தர்றேன் தர்றேன்" என்று வாயால் சொல்வது கெடுவை நீட்டாது. கெடு முடிவதற்குள் கையெழுத்தோடு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். வாட்ஸ்அப் மெசேஜை அப்படிக் கையெழுத்திட்ட ஒப்புதல் என்று நம்பி நான் காத்திருக்க மாட்டேன்.

வக்கீல் நோட்டீஸில் பாக்கியோடு வட்டியும் கேட்டோம். எழுத்தில் வட்டி கேட்ட நாளிலிருந்துதான், வழக்குக்கு முந்தைய காலத்துக்கு வட்டி கேட்க வழி கிடைக்கும். பலகையில் இருந்த யூனிட் பெயரை மட்டும் எழுதவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் அதன் பதிவு எண்ணைத் தேடினால் உரிமையாளரின் சட்டப்படியான பெயர் வரும். அந்தப் பெயரில் போட்டோம். பலகையின் மேல் டிக்ரி வாங்கி, பின்னால் ஆள் யார் என்று தேடுவது பெரிய தலைவலி.

நோட்டீஸுக்குப் பதில் இல்லை. செப்டம்பரில் முன்சிப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், இவருக்கு 3,450 ரூபாய். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கேட்கலாம். வக்கீலும் கட்டணமும் அதில் அடக்கம்.

எதிருரையில் வழக்கமான இரண்டு வாதம். ஒன்று, இவர் 40,000 அட்வான்ஸ் வாங்கினார். இரண்டு, ஸ்டோரில் தோல் குறைகிறது. அட்வான்ஸுக்கு வவுச்சர் எங்கே என்றேன், இல்லை. தோல் குறைந்ததைப் பாக்கியில் கழிக்க வேண்டுமென்றால் அந்தத் தொகைக்கு முதலாளியே கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் கட்டவில்லை. வாயால் சொல்லும் கழிவுகள் பெரும்பாலும் இங்கேதான் உதிரும்.

இதற்குள் முதலாளி மெஷின்களை விற்கப் போகிறார் என்று பழைய தொழிலாளி ஒருவர் தகவல் சொன்னார். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனு போட்டோம். விற்க முயல்கிறார் என்பதற்குச் சரியான விவரம் இல்லாமல் இந்த மனு நிற்காது. அவர் மெஷின்களுக்கு விலை பேசிய மெசேஜை நாங்கள் காட்டினோம். உத்தரவு வருவதற்குள் அவர் வக்கீலே சமரசத்துக்குப் பேசினார். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் உட்கார்ந்து, பாக்கி முழுவதும் இரண்டு செக்கில் தருவது, வட்டியை விட்டுவிடுவது என்று முடிந்தது. வட்டியை விட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் டிக்ரி வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, வங்கிக் கணக்கை முடக்க இன்னொரு வருடம் ஓடுவதைவிட அவருக்கு இது சரியாகப் பட்டது. சமரசமானதால் கட்டிய 3,450-ஐயும் திரும்ப வாங்க மனு கொடுத்தோம்.

முதல் செக் பாஸான அன்று போன் செய்தார். "அந்தப் பழைய போனை இப்போ எக்ஸ்சேஞ்ச்ல போடலாமா சார்?" இரண்டாவது செக்கும் பாஸாகட்டும் என்றேன்.