கட்டின்மை எண்: நிலைமை விதியில் எந்தக் கட்டு, யார் போட்டது?

வேதியியலிலும் உலோகவியலிலும் அடிக்கடி வரும் நிலைமை விதி F = C − P + 2 என்னும் சமன்பாடு. C என்பது தொகுதியின் கூறமைவைச் சொல்லத் தேவையான பொருள்களின், அதாவது கூறுகளின், எண்ணிக்கை; P என்பது பனிக்கட்டி, நீர், ஆவி போல அதில் ஒருங்கே நிலவும் நிலைமைகளின் எண்ணிக்கை. F என்பதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்வி பார்வைக்குச் சிறியது. அதற்கு விடை தேடப் போனால், அந்த எண் உண்மையில் எதை எண்ணுகிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வாயு மூலக்கூறுகளுக்காக வழங்கும் ‘சுதந்திர இயக்கக் கூறுகள்’ என்ற தொடரை இங்கே கொண்டுவந்து பொருத்துவோர் உண்டு. ஆனால் இந்த விதியில் எதுவும் இயங்குவதில்லை. சமநிலையில் அசையாமல் இருக்கும் ஒரு தொகுதியைப் பற்றியே அது பேசுகிறது. இயக்கம் இல்லாத இடத்தில் இயக்கக் கூறு என்று சொன்னால் படிப்பவருடைய மனம் தவறான திசையில் போய்விடும். ‘கட்டின்மை எண்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் சொல்லழகு அன்று. விதி பிறக்கும் வழியே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

விதியை வகுத்த அமெரிக்க அறிவியலாளர் வில்லார்டு கிப்ஸ் ‘சுதந்திரம்’ என்ற சொல்லை அங்கே கையாளவில்லை. 1875-க்கும் 1878-க்கும் இடையில் கனெக்டிகட் அகாதெமியின் வெளியீட்டில் பகுதி பகுதியாக வந்த தம் நீண்ட கட்டுரையில், n கூறுகளும் ஒருங்கே நிலவும் r நிலைமைகளும் கொண்ட தொகுதிக்கு n + 2 − r மாற்றங்கள் இயலும் என்றே அவர் எழுதினார். இன்றைய பெயரும் குறியீடுகளும் பின்னால் வந்தவை. ‘நிலைமை’ என்று நாம் பெயர்க்கும் சொல்லுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தவரும் அவரே. அது கிரேக்கத்தில் ‘தோன்றுதல்’ என்னும் வேரிலிருந்து வந்து, நிலவு தேய்ந்தும் வளர்ந்தும் காட்டும் தோற்றங்களுக்கு வழங்கிய சொல். கிப்ஸ் அதை எடுத்து, ஒரு பொருளின் அளவையும் வடிவத்தையும் கருதாமல் அதன் கூறமைவையும் வெப்ப இயக்க நிலையையும் மட்டும் குறிக்கப் பயன்படுத்தினார். ஒரே குவளையில் மிதக்கும் பத்துப் பனிக்கட்டித் துண்டுகளும் சேர்ந்து ஒரே நிலைமைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ‘நிலைமை’ என்றும் இலங்கையில் ‘அவத்தை’ என்றும் வழங்குகிறோம். அவத்தை துல்லியமான சொல்; நனவு, கனவு, உறக்கம் என்று உயிரின் நிலைகளை எண்ணிய சைவ சித்தாந்தத்தில் ஏற்கெனவே பழகியதும்கூட. ஆனால் தமிழ்நாட்டுக் காதில் அது ‘அவஸ்தை’ என்று விழுந்து துன்பத்தை நினைவூட்டுவதால், நான் நிலைமை என்றே எழுதுகிறேன்.

இனி ‘கட்டு’. ஒரு தொகுதியில் C கூறுகளும் P நிலைமைகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நிலைமையின் கூறமைவையும் சொல்ல C − 1 எண்கள் போதும், ஏனெனில் கடைசிக் கூறின் பங்கு மிச்சத்திலிருந்து தானே தெரிந்துவிடும். ஆக நிலைமைகள் எல்லாவற்றுக்கும் P(C − 1) எண்களும், வெப்பநிலை, அழுத்தம் என்ற இரண்டும் நம் கையில் இருக்கும் மாறிகள். இவை அனைத்தும் நம் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நிலைமையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் முனைப்பு உண்டு; மேலே சொன்ன அழுத்தத்திலிருந்து வேறான அதை வேதியியல் அழுத்தம் என்பார்கள். சமநிலையில் ஒவ்வொரு கூறின் வேதியியல் அழுத்தமும் எல்லா நிலைமைகளிலும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு கூறுக்கு P − 1 சமன்பாடுகள் என்றால், C கூறுகளுக்கு C(P − 1) சமன்பாடுகள். இந்தச் சமன்பாடுகளே கட்டுகள். மாறிகளிலிருந்து கட்டுகளைக் கழித்தால் மிஞ்சுவது C − P + 2. கட்டுப்படாமல் எஞ்சியவற்றின் எண்ணிக்கை என்பதால்தான் கட்டின்மை எண். அளவுகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்குத் தேவை இருக்கிறது.

ஒரே கூறு கொண்ட தண்ணீரில் இதைப் பார்க்கலாம். நீராவி மட்டும் இருக்கும்போது F = 2; வெப்பநிலையையும் அழுத்தத்தையும் தனித்தனியே மாற்றலாம். நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது F = 1; அழுத்தத்தை வைத்துவிட்டால் கொதிநிலை தானே அமைந்துவிடும். பிரஷர் குக்கரின் வெயிட், அழுத்தத்தை மட்டும் தீர்மானித்து, உள்ளே இருக்கும் வெப்பநிலையையும் அதன்மூலம் தீர்மானித்துவிடுவது இதனால்தான். பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒருங்கே இருந்தால் F = 0. அதுவே மும்மைப் புள்ளி: 0.01 °C, ஏறத்தாழ 612 பாஸ்கல்.

இந்தச் சுழியின் வலிமையைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. தூய நீரை ஊற்றிக் காற்றை நீக்கி மூடி உருக்கிய கண்ணாடிக் கலத்தின் நடுக்குழாயைக் குளிரூட்டி, அதைச் சுற்றிப் பனிக்கட்டி உறை ஒன்றை வளரவிடுவார்கள். மேலே ஆவி, நடுவே பனி, சுற்றிலும் நீர். உறை தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும், நீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வெப்பநிலை அதேதான், ஏனெனில் அளவுகள் கணக்கில் இல்லை. கெல்வின் அலகு 1954 முதல் 2019 வரை இந்தப் புள்ளியை 273.16 K என வைத்தே வரையறுக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் பனிக்கட்டி உருகும் 0 °C எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். திறந்த குவளையில் காற்றும் இருக்கிறது. அது நீரில் கரையவும் செய்கிறது. காற்றை ஒரு கூறாக எடுத்துக்கொண்டால் C = 2; பனி, நீர், ஈரக்காற்று என P = 3; F = 1. அந்த ஒன்றை நாம் ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கட்டிவிடுகிறோம், பிறகே 0 °C உறுதியாகிறது. மும்மைப் புள்ளியிலிருந்து அது 0.01 பாகை தாழ்ந்திருப்பதில் முக்கால் பங்கு அழுத்தத்தால் வருவது, ஏறத்தாழ கால் பங்கு கரைந்த காற்றால் வருவது.

இரு கூறுகளுக்கு வரும்போது இன்னொரு கிரேக்கச் சொல் எதிர்ப்படுகிறது. யூடெக்டிக் என்பதில் ‘யூ’ என்றால் நன்று, எளிது. மற்றப் பகுதி உருகுதலைக் குறிப்பது. ஆங்கில இயற்பியலாளர் பிரெடெரிக் கத்ரி 1884-இல் இதை வழக்குக்குக் கொண்டுவந்தார். ‘எளிதுருகு புள்ளி’, ‘எளிதுருகு கலவை’ என்று பெயர்த்தால் மூலப்பொருள் அப்படியே வந்துவிடுகிறது. எளிது என்பது இங்கே ஒப்பீடு: அதே இரு பொருள்களை வேறு எந்த விகிதத்தில் கலந்தாலும், இதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் நீர்மம் நிலைத்திருக்காது.

மின்னணுப் பட்டறைகளில் இணைப்புகளைப் பற்றவைக்க நெடுங்காலம் புழங்கிய சால்டர் நல்ல எடுத்துக்காட்டு. அது காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. இரண்டையும் ‘ஈயம்’ என்றே அழைத்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதை வெறுமனே அடுப்பில் வைத்தால் 232 °C-இல் உருகிவிடும். காரீயம் உருக 327 °C வேண்டும். எடையில் 61.9 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட கலவையோ 183 °C-இலேயே உருகுகிறது.

40 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட 100 கிராம் கலவையை உருக்கி மெல்ல ஆறவிடுவோம். அழுத்தம் வளிமண்டலத்தால் கட்டப்பட்டிருப்பதாலும், இந்த வெப்பநிலைகளில் உலோக ஆவி பொருட்படுத்தத் தக்கதாக இல்லாததாலும் விதியை F′ = C − P + 1 என்று எழுதுகிறோம். முழுதும் நீர்மமாக இருக்கும்வரை F′ = 2. ஏறத்தாழ 238 °C-இல் காரீயம் மிகுந்த திண்மம் படியத் தொடங்கும்; நிலைமைகள் இரண்டானதால் F′ = 1. இதன் பொருளைப் பலர் பாதிதான் பிடித்துக்கொள்கிறார்கள். வெப்பநிலையைச் சொன்னால் நீர்மத்தின் கூறமைவும் திண்மத்தின் கூறமைவும் தீர்ந்துவிடும். நாம் தொடக்கத்தில் கலந்த விகிதம் அவற்றைத் தொடுவதில்லை, எது எவ்வளவு என்பதை மட்டுமே அது முடிவுசெய்யும்.

183 °C-ஐ அடையும்போது திண்மத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடு வெள்ளீயமும், நீர்மத்தில் 61.9 விழுக்காடும் இருக்கும். மொத்தக் கூறமைவு இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதை வைத்து அளவுகளைப் பிரிக்கும் நெம்புகோல் விதிப்படி திண்மத்தின் பங்கு (61.9 − 40) / (61.9 − 19) = 0.51. ஆகவே 51 கிராம் உறைந்துவிட்டது, 49 கிராம் இன்னும் நீர்மம். அந்த நீர்மத்திலிருந்து இப்போது வெள்ளீயம் மிகுந்த இரண்டாவது திண்மமும் பிரியத் தொடங்க, நிலைமைகள் மூன்றாகி F′ = 0 ஆகிறது. வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும், நீர்மம் குறைந்துகொண்டே வரும், ஆனால் வெப்பமானி நகராது. நேரம் போகப் போக வெப்பநிலை இறங்குவதைக் காட்டும் குளிர்தல் வரைகோட்டில் இது ஒரு கிடைமட்டத் தளம். 50 விழுக்காட்டுக் கலவையில் இதே தளத்தில் உறைய 72 கிராம் நீர்மம் எஞ்சியிருக்கும் என்பதால் தளம் நீளும். உயரமோ அதே 183 °C. கட்டின்மை எண் சுழி என்பது தளத்தின் உயரத்தைப் பற்றிய செய்தி, நீளத்தைப் பற்றியது அன்று.

தளம் கிடைமட்டமாக இல்லாமல் சரிந்தால், உலோகத்தில் மூன்றாவது கூறு ஏதோ கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: C = 3 ஆனால் அதே மூன்று நிலைமைகளுக்கும் F′ = 1 ஆகிவிடும். தளத்துக்குச் சற்று முன் வெப்பநிலை 183-க்குக் கீழே இறங்கி மறுபடி ஏறினால் அது வேறு கதை. புதிய திண்மம் முளைவிடத் தாமதித்திருக்கிறது, தொகுதி அந்த நேரத்தில் சமநிலையிலேயே இல்லை, எனவே விதிக்கு அங்கே வேலையும் இல்லை.

மும்மைப் புள்ளியிலும் மூன்று நிலைமைகள், எளிதுருகு புள்ளியிலும் மூன்று நிலைமைகள், இரண்டிலும் சுழி. ஆனால் முதல் சுழியில் எல்லாக் கட்டுகளும் சமநிலையே போட்டவை. இரண்டாவதில் ஒரு கட்டு நாம் போட்டது: அழுத்தத்தை மாறவிட்டால் காரீய-வெள்ளீய எளிதுருகு புள்ளிக்கு F = 2 − 3 + 2 = 1. அது புள்ளியே அன்று, ஒரு கோட்டில் நாம் நிற்கும் இடம். ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சில பாகை என்ற அளவில்தான் அந்த இடம் நகரும் என்பதால் பட்டறையில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. எழுதும்போது ‘அழுத்தம் மாறா நிலையில் கட்டின்மை எண் சுழி’ என்று முழுதாகச் சொல்வதே முறை.

இரு கூறுகளில் நம் கை படாத சுழி வேண்டுமானால் நான்கு நிலைமைகள் சேர வேண்டும். உப்பும் நீரும் அதைத் தருகின்றன. காற்று நீக்கிய மூடிய கலத்தில் பனிக்கட்டி, இரு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்ட உப்புப் படிகமான NaCl·2H₂O, உப்புநீர், நீராவி ஆகிய நான்கும் ஒன்றாக இருப்பது ஏறத்தாழ −21 °C-இல், உப்புநீரில் 23.3 விழுக்காடு உப்பு இருக்கும்போது, 100 பாஸ்கலுக்கும் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் மட்டுமே. அந்தப் படிகத்தைத் தனிக் கூறாக எண்ணி C = 3 என்று போடுவது வழக்கமான பிழை; உப்பையும் நீரையும் வைத்தே அதன் கூறமைவைச் சொல்லிவிடலாம் என்பதால் C = 2, F = 2 − 4 + 2 = 0. மும்மைப் புள்ளி என்ற பெயரின் போக்கிலேயே இதை ‘நான்மைப் புள்ளி’ என்று சொல்லலாம்.