கடைசிப் பத்து நிமிடத்தில் தொலையும் மதிப்பெண்கள்

குடியாத்தம் பக்கம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து இருபது வருடம் ஆகிறது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பக்கத்தைப் பார்த்த கையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். பல தாள்களில் இரண்டும் ஒரே பிள்ளை எழுதியது போலவே இருக்காது. முதல் பக்கத்தில் படிக்குப் படி வரி மாற்றி எழுதியிருப்பான். கடைசிப் பக்கத்தில் மூன்று படிகளை ஒரே வரியில் திணித்திருப்பான், குறி மாறியிருக்கும், வினா எண்ணைக்கூடத் தப்பாகப் போட்டிருப்பான்.

"கவனக்குறைவு, சார்" என்று பெற்றோர் சொல்வார்கள். இது குணம் சம்பந்தப்பட்டதல்ல, நேரம் சம்பந்தப்பட்டது. போன வருடம் ஒரு பையனின் தாளை வைத்து இதை அவன் அம்மாவுக்கு விளக்கினேன். அதையே இங்கே சொல்கிறேன்.

பொதுத்தேர்வு நேரப்படியே நடத்திய திருப்புதல் தேர்வு அது. 10 மணிக்கு வினாத்தாள், படிக்கப் பத்து நிமிடம், விவரம் நிரப்ப ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் மணியைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். அவன் குறித்தது இது: ஒரு மதிப்பெண் வினாக்கள் முடிந்தது 10.37. இரண்டு மதிப்பெண் 11.17. ஐந்து மதிப்பெண் 12.50. வடிவியல் 1.05. மீதி இருந்தது எட்டு மதிப்பெண் வரைபடம் மட்டும். கையில் பத்து நிமிடம். அதிலும் வரைபடத்தாளை விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட இரண்டு நிமிடம் போய்விடும்.

வினா இதுதான்: y = x² + x − 2 என்ற வரைபடம் வரைந்து, x² + x − 2 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்கவும். வகுப்பில் அவன் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கணக்கு. −4 முதல் 4 வரை x மதிப்புகளை எழுதி, அதன் கீழே x² ஒரு வரிசை, x ஒரு வரிசை, −2 ஒரு வரிசை, கடைசியாகக் கூட்டி y என்று அட்டவணை போட வேண்டும். அன்று அவன் நடுவில் இருக்கும் வரிசைகளையே போடவில்லை. நேரம் மிச்சமாகுமே என்று மனசிலேயே கூட்டி, நேராக y எழுதிவிட்டான்.

x = −4 என்றால் 16 − 4 − 2 = 10. இதைச் சரியாகப் போட்டிருந்தான். அடுத்தது x = −3. அங்கே 9 − 3 − 2 = 4 என்று வர வேண்டியது, −9 − 3 − 2 என்று ஓடி −14 ஆகிவிட்டது. அதற்கடுத்த −2-க்கு மறுபடியும் சரியாக 0. −4-ஐ வர்க்கப்படுத்தத் தெரிந்தவனுக்கு −3-ஐ வர்க்கப்படுத்தத் தெரியாதா? அப்படியில்லை. ஒரே நேரத்தில் அவன் மனசில் வர்க்கம், குறி, கூட்டல், அடுத்த மதிப்பு, கூடவே "இன்னும் எத்தனை நிமிடம்" என்ற கணக்கு, எல்லாம் இருந்தன. மனசு ஒரு சமயத்தில் தாங்குவது நாலைந்து சமாச்சாரம்தான். அதற்கு மேல் ஏற்றினால் ஏதோ ஒன்று நழுவும். கணக்கில் முதலில் நழுவுவது பெரும்பாலும் கழித்தல் குறி. அட்டவணையில் x² வரிசை இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. மனசு சுமக்க வேண்டியதைத் தாள் சுமக்கிறது. அவசரத்தில் நாம் முதலில் வெட்டுவது அந்த வரிசையைத்தான்.

தப்பு நடந்தது ஒரு பக்கம், அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் அந்த நேரத்தில் மூடிக்கொள்கிறது என்பது இன்னும் பெரிய விஷயம். இந்தக் கணக்கில் y மதிப்புகள் 10, 4, 0, −2, −2, 0, 4, 10, 18 என்று வரும். முதல் எட்டும் கண்ணாடியில் பார்த்தது போல இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். நடுவில் −14 வந்தாலே உறுத்த வேண்டும். அதையும் தாண்டினான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் வரைந்த வளைவரை மேலே 10-லிருந்து −14-க்கு விழுந்து, மறுபடி எழும்பி, x அச்சை மூன்று இடத்தில் தொட்டது. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டுக்கு மேல் தீர்வு கிடையாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து விநாடி தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். அந்த ஐந்து விநாடி அவனிடம் இல்லை. அளவுத்திட்டமும் எழுதவில்லை. எட்டுக்கு மூன்று கிடைத்தது.

அவன் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சாயங்காலம் கணக்கு முடிக்கணும்னு அவசரமா சுத்துற கட்டுலதான் சார் கழிவு ஜாஸ்தி வரும்" என்றார். கையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரிகிறது.

சரி, அந்தப் பத்து நிமிட நெருக்கடி எங்கே உருவானது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவன் மெதுவாக எழுதுகிறவன் என்று வீட்டில் நினைத்தார்கள். பென்சில் குறிப்பைப் பாருங்கள். பத்து ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 93 நிமிடம். அதில் ஒரே ஒரு முக்கோணவியல் கணக்கு மட்டும் 24 நிமிடம் தின்றிருக்கிறது. மீதி ஒன்பதும் சேர்ந்து 69 நிமிடம், அதாவது ஒன்றுக்கு எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் வேகமான பையன்தான். அந்த ஒரு கணக்கில் இறக்கக் கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து குறிக்காமல், கோபுரத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து குறித்துவிட்டான். விடை ஒழுங்காக வரவில்லை. அடித்தான், திரும்ப எழுதினான், மறுபடியும் அடித்தான். படம் தப்பு என்பதால் எத்தனை தடவை போட்டாலும் வராது. அதில் கடைசியில் கிடைத்தது இரண்டு மதிப்பெண், அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில் எழுதிய வரிகளுக்காக. பிறகு போட்ட 19 நிமிடத்துக்குக் கூலி ஒன்றும் இல்லை. வரைபடத்தில் போன ஐந்து மதிப்பெண் தொலைந்தது 1.10-க்கு அல்ல, 12 மணி வாக்கில்.

ஆகவே திட்டம் என்பது கடைசியில் வேகமாக எழுதுவதற்கு அல்ல, நடுவில் நிறுத்தத் தெரிவதற்கு. 180 நிமிடம், 100 மதிப்பெண், ஆக மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம் என்று வகுத்துச் சொல்வார்கள். அப்படியே பின்பற்றினால் சரிபார்க்க நேரமே மிஞ்சாது. நான் வேறு மாதிரி பிரிக்கச் சொல்கிறேன். 14 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம். பத்து இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு, ஒன்றுக்கு மூன்றரை நிமிடம் வீதம் 35. வடிவியலும் வரைபடமும் ஆளுக்குக் கால் மணி, மொத்தம் 30. பத்து ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு, ஒன்றுக்கு எட்டரை நிமிடம் வீதம் 85. கூட்டினால் 165. பதினைந்து நிமிடம் மிச்சம்.

ஹாலில் உட்கார்ந்து நிமிடத்தை வகுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பிள்ளைகளுக்கு நான்கே நான்கு மணிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்: 10.30, 11.05, 11.35, 1.00. அந்தந்தப் பகுதி அந்தந்த நேரத்தில் முடிய வேண்டும். எட்டு மதிப்பெண்ணை ஐந்து மதிப்பெண்ணுக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது முன்கூட்டியே தெரியும், கை நடுங்காமல் இருக்கவும் வேண்டும். ஐந்து மதிப்பெண் அப்படியல்ல, இழுத்துக்கொண்டு போகும். இழுக்கிற வேலையைக் கடைசியில் வைத்தால், நேரம் தீர்ந்தாலும் எழுதிய படிகளுக்காவது மதிப்பெண் உண்டு. சில ஆசிரியர்கள் ஐந்து மதிப்பெண்ணை முதலில் முடிக்கச் சொல்வார்கள். நன்றாகப் பயிற்சி உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் சரிவரும். நடுத்தரமாகப் படிக்கிறவர்களுக்கு என் வரிசைதான் பாதுகாப்பு என்பது என் அனுபவம்.

படிக்கத் தரும் பத்து நிமிடத்தை வினாக்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்த வேண்டும். இரண்டிலும் ஐந்திலும் 14-க்குப் பத்து எழுதினால் போதும், 28-ம் 42-ம் மட்டும் கட்டாயம். எழுதப்போகும் பத்தை நினைவில் வைப்பதைவிட, விடப்போகும் நான்கு எண்களை நினைவில் வைப்பது சுலபம். வினாத்தாளில் குறி போட வேண்டாம்.

ஐந்து மதிப்பெண்ணில் ஐந்தாவது நிமிடம் ஒரு நிறுத்தம். அடுத்த வரி என்ன என்று கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் அரைப் பக்கம் வெற்றாக விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இது பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம். பாதியில் விட்டது மனசை அரிக்கும். வீட்டில் பழகாமல் ஹாலில் முதல் தடவையாக வராது. திரும்பி வரும்போது போட்ட வரிகளைத் தொடராமல், வினாவை மறுபடி படித்துப் படத்தைப் புதிதாக வரைய வேண்டும். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1 மணிக்கு மேல் உள்ள பதினைந்து நிமிடத்தில் எந்தக் கணக்கையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டாம். வினா எண்கள் சரியா, ஒரு மதிப்பெண்ணில் குறியீட்டோடு விடையும் எழுதியிருக்கிறதா, அளவியல் கணக்கில் விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டோமா, வரைபடத்தில் அளவுத்திட்டம் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும். தப்பான வரி இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் விடையை மாற்றலாம். "ஏதோ சந்தேகமாக இருக்கிறது" என்பதற்காக மாற்றக் கூடாது. எவ்வளவு திட்டமிட்டும் 1.05-க்கு ஒரு ஐந்து மதிப்பெண் மிச்சம் இருந்தால், சூத்திரம், பிரதியிடுதல், முதல் சுருக்கம் என்று ஒரு வரிக்கு ஒரு படியாக, வழக்கமான வேகத்திலேயே எழுதி, மணி அடித்த இடத்தில் நிறுத்தலாம். முழுசாக முடிக்க ஓடினால் அந்த மூன்று வரியும் கெட்டுப்போகும்.

இந்த மணிகள் கணக்குத் தாளுக்கு மட்டும்தான். சமூக அறிவியலில் வரைபடம் குறிப்பது, தமிழில் பக்கம் பக்கமாக எழுதுவது எல்லாம் வேறு கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மாதிரித் தேர்வு எழுதி, பென்சில் குறிப்பைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

அடுத்த திருப்புதல் தேர்வில் அந்தப் பையனின் ஓரக் குறிப்புகள்: 10.31, 11.08, 11.40, 12.58. 39-ஆவது வினாவுக்குக் கீழே அரைப் பக்கம் வெற்றாக விட்டு, பிறகு வந்து பாதி நிரப்பியிருந்தான். அட்டவணையில் x² வரிசை இருந்தது. அதில் ஒரு −1-ஐ அடித்து 1 ஆக்கியிருந்தான். பக்கத்தில் பென்சிலால் 1.06 என்று எழுதியிருந்தது.