லாபம் இரண்டு மடங்கு, ஆனால் எங்கிருந்து?

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு நூற்பாலையின் ஆண்டறிக்கையை என் மேசையில் வைத்தார். "சார், நிகர லாபம் நாலரை கோடியில இருந்து பத்து கோடி ஆயிருக்கு. இன்னும் ஒரு நூறு ஷேர் வாங்கலாமா?"

லாப நட்டக் கணக்குப் பக்கத்தைத் திறந்தோம். மொத்த லாபம், செயல்பாட்டு லாபம் என்ற வரிகளை அவர் தேடினார். இரண்டும் இல்லை. நம் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப் படிவம் அந்த வரிகளைக் கேட்பதில்லை. பேனா எடுத்து நாமே போட வேண்டியதுதான். (எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன்.)

விற்பனை வருமானம் 100 கோடி. இதில் மூலப்பொருள் செலவையும் சரக்கிருப்பு மாற்றத்தையும் சேர்த்து 62 கோடியைக் கழித்தால் மிஞ்சும் 38 கோடிதான் மொத்த லாபம். முந்தைய ஆண்டு இதே விற்பனைக்கு 44 கோடி மிஞ்சியிருந்தது. பஞ்சு விலை ஏறியும் நூல் விலையை ஏற்ற முடியவில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள்.

அப்புறம் சம்பளம் 12, மின்சாரம் உள்ளிட்ட இதரச் செலவு 17, தேய்மானம் 4. இவற்றையும் கழித்தால் 5 கோடி. ஆலையை ஓட்டிச் சம்பாதித்த செயல்பாட்டு லாபம் இதுதான். முந்தைய ஆண்டு இது 10 கோடி. பாதியாகிவிட்டது!

வங்கிக் கடனுக்குக் கட்டிய வட்டி மட்டும் 6 கோடி. வைப்புநிதி வட்டி போன்ற இதர வருமானம் 1 கோடியைச் சேர்த்தால் கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது. அப்படியானால் பத்து கோடி எங்கிருந்து வந்தது?

இன்னும் இரண்டு வரி கீழே 'எக்ஸப்ஷனல் ஐட்டம்ஸ்', அதாவது வழக்கமாக வராத வரவு செலவு, என்று 12 கோடி. பக்கத்தில் இருந்த குறிப்பு எண்ணைப் பிடித்துப் பின்பக்கம் போனோம். ஆலைக்குச் சொந்தமான காலி நிலத்தை விற்ற லாபம். வரி 2 கோடி போக நிகர லாபம் 10 கோடி. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, எல்லாம் முறைப்படிதான் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தை அடுத்த ஆண்டும் விற்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் போட்ட மொத்த லாபத்தில் ஆலைத் தொழிலாளர் கூலியும் மின் கட்டணமும் கழிபடவில்லை. அதனால் அதே கம்பெனியின் முந்தைய ஆண்டோடு ஒப்பிடத்தான் அது உதவும். சரக்கிருப்பு மாற்றம் என்ற வரியில் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் ஆண்டு முடிவில் இருப்பு கூடியிருக்கிறது என்று பொருள். விற்காத நூல் கிடங்கில் தேங்கியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஆசிரியர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "வீட்ல இன்னும் மூணு வருஷத்து ரிப்போர்ட் இருக்கு சார். இதே மாதிரி போட்டுப் பார்த்துட்டு வர்றேன்" என்றார்.