சம்பளம் 21,755, கைக்கு வந்தது 14,606: ஒரு சம்பளச் சீட்டின் கணக்கு

என் அக்கா மகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. வேலைக்கு எடுத்தபோது கொடுத்த கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 2,61,060 ரூபாய் என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21,755. ஆனால் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறியது 17,017. போன செப்டம்பர் மாதச் சம்பளம் அதிலும் குறைந்து 14,606 ஆக வந்தது. "மாமா, ஏழாயிரம் ரூபா எங்க போச்சுன்னே தெரியல" என்று சீட்டை நீட்டினாள்.

நான் பதினைந்து வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியோடு என் மேசைக்கு வராத ஆளே கிடையாது. அந்த ஏழாயிரத்தில் ஒரு பகுதி அவள் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு பகுதி வரியாகப் போனது, ஒரு பகுதி அவள் கையில் வரவே வராத பணம். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அந்த 21,755. இது சம்பளம் அல்ல, சி.டி.சி. அதாவது அவளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதற்குள் அவளுடைய மாதச் சம்பளம் 19,000 மட்டும்தான். மீதி 2,755இல் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப் 1,440, இ.எஸ்.ஐ என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 618, பி.எஃப் சார்ந்த காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் 120, பணிக்கொடைக்காக ஒதுக்கியது 577. பணிக்கொடை, நிரந்தர ஊழியருக்கு வழக்கமாக ஐந்து வருடம் முடித்த பிறகு கிடைப்பது. அதையும் பன்னிரண்டாகப் பிரித்து மாதச் சம்பளம் போலக் காட்டுவது எனக்கு எப்போதுமே பிடிக்காத பழக்கம். வேலையில் சேரும் பிள்ளைகள் இந்தத் தொகையை நம்பி வாடகைக்கும் கடனுக்கும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அதனால் கம்பெனி எவ்வளவு சம்பளம் என்று சொன்னாலும், "மாத கிராஸ் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கிராஸ் என்பது சீட்டின் இடது பக்கக் கூட்டல். அவளுக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 12,000, வீட்டு வாடகைப்படி 4,000, சிறப்புப்படி 3,000. ஆக 19,000. பிடித்தங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கழியும். கம்பெனியின் பங்கு பி.எஃப் இதில் இருக்கக் கூடாது. வலது பக்கப் பிடித்தப் பட்டியலில் பி.எஃப் இரண்டு தடவை வந்து, இரண்டும் கிராஸிலிருந்து கழிந்திருந்தால் உடனே கேட்க வேண்டும். கம்பெனி தன் பங்கை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதை பி.எஃப் திட்டம் அனுமதிப்பதில்லை.

செப்டம்பர் சீட்டில் கிராஸே 17,733 என்று இருந்தது. சீட்டின் மேல்பகுதியில், யாரும் கவனிக்காத இடத்தில், காரணம் இருந்தது: மாத நாட்கள் 30, சம்பள நாட்கள் 28. விடுப்பு தீர்ந்த பிறகு அவள் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள். அது சம்பளமில்லா விடுப்பு, எல்.ஓ.பி. 19,000ஐ 30ஆல் வகுத்து 28ஆல் பெருக்கினால் 17,733. சில கம்பெனிகளில் 26 நாள் கணக்கு. அங்கே ஒரு நாள் லீவுக்குக் கழிவது இன்னும் அதிகமாக இருக்கும். எந்தக் கணக்கு என்று மனிதவளப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நாட்களைத்தான். வேலை செய்த நாளே குறைவாக ஏறியிருந்தால் கீழே உள்ள எல்லா எண்ணும் தப்பாகத்தான் இருக்கும்.

இனி பிடித்தங்கள். நான்கு வரிகள் இருந்தன: பி.எஃப் 1,344, இ.எஸ்.ஐ 133, தொழில் வரி 1,250, கேன்டீன் 400. கூட்டினால் 3,127. 17,733இல் அதைக் கழித்தால் 14,606. வங்கியில் வந்த தொகையோடு சரியாகப் பொருந்துகிறது.

மற்ற மாதங்களைவிட 2,411 ரூபாய் குறைந்ததில் பெரிய பங்கு தொழில் வரிக்கு. தமிழ்நாட்டில் இதை மாதாமாதம் பிடிப்பதில்லை. உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. அதனால் பல கம்பெனிகளில் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கிலும் பிப்ரவரி, மார்ச் வாக்கிலும் மொத்தமாகக் கழிப்பார்கள். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அவளுடைய ஆறு மாத வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தப் பிடித்தம் சரிதான், அடுத்த மாதம் இருக்காது.

இ.எஸ்.ஐ, மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். சம்பள உயர்வு வந்து 21,000ஐத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும். மருத்துவ வசதியும் கூடவே தொடரும்.

பி.எஃப் வரியில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊழியர் பங்கு 12 சதவீதம். எதற்கு 12 சதவீதம்? கிராஸுக்கு அல்ல. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்கு என்று கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. 28 நாளுக்கு அது 11,200. அதில் 12 சதவீதம் 1,344.

கம்பெனியும் இன்னொரு 1,344 கட்டுகிறது. ஆனால் அவள் பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தபோது ஊழியர் பங்கு 1,344, கம்பெனி பங்கு 411 என்று இருந்தது. "பாதி கூடக் கட்டல மாமா" என்று பதறிவிட்டாள். பக்கத்துக் கட்டத்தைப் பார் என்றேன். ஓய்வூதியப் பங்கு என்ற இடத்தில் 933 இருந்தது. கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 3.67 சதவீதம்தான் பி.எஃப் கணக்கில் ஏறும். 411உம் 933உம் சேர்ந்து 1,344. ஆண்டு வட்டி பி.எஃப் கட்டங்களில் உள்ள தொகைக்கு மட்டும்தான் சேரும், 933க்குச் சேராது. அது ஓய்வூதியத்துக்கான தனிக் கணக்கு.

அப்புறம் அந்த 3,000 ரூபாய் சிறப்புப்படி. அவள் பிரிவில் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி கொடுக்கப்படுகிறது. கூடுதல் வேலைக்கோ கூடுதல் உற்பத்திக்கோ கொடுப்பது அல்ல. இப்படி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படியையும் சேர்த்துத்தான் பி.எஃப் கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு உண்டு. ஆக, முழு மாதம் வேலை செய்தால் கணக்குக்கு அடிப்படை 12,000 அல்ல, 15,000. பிடித்தம் 1,440க்குப் பதில் 1,800. கையில் வருவது 360 ரூபாய் குறையும். ஆனால் கம்பெனியும் 360 கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்த 360 பல கம்பெனிகள் விரும்பாத செலவு. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, பெயர் வேறு வேறாகப் படிகளை அடுக்குவதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதில் ஒரு கடிவாளம் போடுகின்றன. விலக்குள்ள படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். இவளுக்கு 19,000இல் 12,000 அடிப்படையிலேயே இருப்பதால் அந்த விதியால் மாற்றம் இல்லை. சிறப்புப்படிக் கேள்விதான் மிச்சம்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. கட்டாயப் பி.எஃப் 15,000 ரூபாய் ஊதியம் வரைக்குத்தான், அதாவது 1,800 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 25,000 உள்ளவருக்கு ஒரு கம்பெனியில் 1,800 பிடிப்பார்கள், இன்னொன்றில் முழு 12 சதவீதமான 3,000 பிடிப்பார்கள். இரண்டுமே தப்பில்லை.

சீட்டில் பிடித்தம் என்று இருப்பதாலேயே பணம் கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. நான் பார்த்த மோசமான சங்கடங்கள் இந்த இடத்தில்தான். பல மாதம் பிடித்துவிட்டுக் கட்டாமலே விட்டிருப்பார்கள், ஆள் வேலையை விட்டுப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். செப்டம்பர் சம்பளத்தில் பிடித்ததைக் கம்பெனி அக்டோபர் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்குச் சில நாள் கழித்துப் பாஸ்புக்கில் பாருங்கள். சீட்டில் இருக்கும் யு.ஏ.என் என்ற பி.எஃப் உறுப்பினர் எண்ணை வைத்து உமங் செயலியில் பார்க்கலாம். அந்த எண்ணோடு பதிவான கைபேசியிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுக்கலாம், அல்லது 7738299899க்குக் கீழே உள்ளபடி குறுஞ்செய்தி அனுப்பினால் தமிழிலேயே பதில் வரும்:

```
EPFOHO UAN TAM
```

இருப்போடு கடைசியாகக் கட்டிய தொகையும் வரும். அது எந்த மாதத்தோடு நின்றிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதம் தாமதம் என்றால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் ஏறவில்லை என்றால் பி.எஃப் நிறுவனத்தின் இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ் குறைதீர் தளத்தில் புகார் பதியலாம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். புகாரோடு இணைக்கக் கேட்பது அந்தந்த மாதச் சம்பளச் சீட்டைத்தான். வேலையை விட்ட மறுநாளே கம்பெனியின் இணையக் கணக்கு மூடப்பட்டுவிடும் என்பதால், சீட்டுகளை மாதாமாதம் இறக்கிச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கும்படி அவளிடம் சொன்னேன். பதினைந்து மாதச் சீட்டையும் அன்று இரவே அனுப்பிவிட்டாள். சிறப்புப்படிக்கு ஏன் பி.எஃப் இல்லை என்று மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் ஒரு கேள்வியும் போட்டிருக்கிறாள்.