மூன்று வரிசைகளும் ஒரே தவற்றைச் சொல்லும்போது

ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பொளிக்கு 634.6 ± 0.3 நானோமீட்டர் என்று முடியும் செய்முறைக் குறிப்பேடு இவ்வாரமும் என் மேசைக்கு வந்தது. அவ்வொளியின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். தாம் அறிவித்த நிச்சயமின்மையைப்போல் ஆறு மடங்கு விலகி நின்றும், "மூன்று வரிசைகளும் ஒத்துவந்தனவே" என்று மாணவர்கள் வாதாடுகிறார்கள்.

மில்லிமீட்டருக்கு 300 கோடுகள் கொண்ட கீற்றணி லேசர்க் கற்றையைப் பிரித்து, சுவரில் நடுப்புள்ளியின் இருபுறமும் முதல், இரண்டாம், மூன்றாம் வரிசைப் புள்ளிகளாக வீழ்த்துகிறது. சுவரில் இடப்புற, வலப்புறப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவில் பாதியான x, மூன்று வரிசைகளுக்கும் முறையே 193.5, 410.5, 693 மில்லிமீட்டர். கீற்றணியிலிருந்து சுவர் வரையிலான தொலைவு L ஐ 997 மில்லிமீட்டர் என்று கொண்டு, கோட்டிடைவெளி d, கற்றை விலகும் கோணம் θ, வரிசை எண் m, அலைநீளம் λ ஆகியவற்றை இணைக்கும் d sin θ = mλ என்பதில் இட்டால் 635.1, 634.5, 634.2 நானோமீட்டர் கிடைக்கும். (சைனுக்குப் பதில் x/L என்று எழுதுபவர்களுக்கு மூன்றாம் வரிசை ஏறத்தாழ 770 காட்டும், அவர்களோடு வேறொரு நாள் பேச வேண்டும்.)

தவறு 997இல் இருக்கிறது. அளவுநாடாவைக் கீற்றணித் தாங்கியின் முன்முகத்தில் வைத்தார்கள். கோடுகள் வரையப்பட்ட பரப்போ அதற்கு 3 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. ஒரே L மூன்று கணக்குகளிலும் நுழைவதால் மூன்று விடைகளும் ஒரே திசையில் நகர்கின்றன. அவற்றின் சராசரியை எடுத்தாலும், திட்டவிலக்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தாலும், இன்னும் பத்து முறை புள்ளிகளைக் குறித்தாலும் அந்த நகர்வு குறையவே குறையாது. விடைகளின் சிதறல், புள்ளியைக் குறிப்பதில் உள்ள தடுமாற்றத்தை மட்டுமே காட்டும். எல்லா விடைகளுக்கும் பொதுவான பிழையை அது காட்டாது.

ஆயினும் ஒரு தடயம் உண்டு. L இல் உள்ள சதவீதப் பிழை cos²θ மடங்காகவே அலைநீளத்தில் ஏறுவதால், முதல் வரிசையில் அது ஏறத்தாழ முழுமையாகவும், மூன்றாவதில் மூன்றில் இரண்டு பங்காகவும் தெரியும். வரிசை கூடக்கூட விடை சீராக இறங்கினால் L ஐச் சந்தேகியுங்கள். முதல் வரிசையில் அரை மில்லிமீட்டர் தவறே 1.6 நானோமீட்டர் ஆகிவிடும் என்பதால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். கீற்றணியை அளவுகோல் பொருத்திய தாங்குதளத்தில் சரியாக 500 மில்லிமீட்டர் நகர்த்தி, புள்ளி எவ்வளவு இடம்பெயர்ந்தது என்று பாருங்கள்; மூன்றாம் வரிசைக்கு அது 346 அளவில் இருக்கும். அவ்விரண்டின் விகிதமே tan θ. தாங்கியின் தடிமன் அதில் தானாகவே நீங்கிவிடும்.

இடம், வலம் இரண்டையும் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். சமமாக இல்லையெனில் சுவரோ கீற்றணியோ சாய்ந்திருக்கிறது, அதைத் திருத்தாமல் மேலே செல்லாதீர்கள். புள்ளியைக் குறிக்கக் குனியும்போது, தயவுசெய்து, முகத்தைக் கற்றைகளின் மட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

இறுதியில் மூன்றாம் வரிசையை வைத்துக் கணக்கிடுங்கள்: L இல் 1 மில்லிமீட்டர் ஐயம் 0.4 நானோமீட்டரையும், பாதித் தொலைவில் கால் மில்லிமீட்டர் ஐயம் 0.15ஐயும் தரும். கோட்டு எண்ணிக்கையில் 0.1 சதவீத ஐயம் இருந்தால் அது மட்டுமே 0.6, எல்லா வரிசைகளையும் ஒரே விகிதத்தில் நகர்த்துவதால் எந்தச் சிதறலிலும் அது தென்படாது. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.8 வரும், L ஐத் திருத்திய பின் 632.9 ± 0.8 என்று எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்திடுகிறேன்.